முதல் வாரத்துக்கான ஐந்து படிகள்

அம்மாவும் மகனும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு மின்னஞ்சலைத் திருத்தியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் அவனுடைய லேப்டாப், மறு பக்கம் ஒரு முறம் பீன்ஸ். அம்மா நார் உரித்துக்கொண்டே சொல்ல, அவன் தட்டிக்கொண்டிருந்தான். அப்பா கூடத்தில் பேப்பரை முகத்தின் மேல் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"தலைப்பு என்னடா போட்டிருக்கே?"

"புதிய பாஸ்வேர்டு மேனேஜர், முதல் வாரம் செய்ய வேண்டியவை."

"இப்படிப் போட்டா எவன் திறப்பான்? எங்க ஆளுங்களுக்குச் சம்பளம்னு போட்டாத்தான் மெயில் திறக்கவே தெரியும்."

"அது பொய்ம்மா."

"அப்போ, இதைப் படிக்காவிட்டால் செவ்வாய்க்கிழமை வைஃபை வராதுன்னு போடு. அது நெஜம். வைஃபை பாஸ்வேர்டை மாத்தி உள்ளே வச்சிடப் போறேன்."

போட்டான். அம்மா வேலை பார்த்தது ஒரு லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி. பதினான்கு பேர். சம்பளச் சீட்டில் அவளுடைய பதவி அலுவலக நிர்வாகி. ஆனால் முதலாளியிலிருந்து மெக்கானிக்குகள் வரை எல்லோருக்கும் அவள் டைரி அக்கா. முதலாளி அவளைவிட இரண்டு வயது மூத்தவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். மகன் தொலைபேசி நிறுவனத்தில் நெட்வொர்க் எஞ்சினியர். மின்னஞ்சலை மூன்று வரிக்கு மேல் எழுதினால் அவனுக்குக் கை வலிக்கும். அம்மாவுக்கு நேர் எதிர். திருத்தி முடித்தபோது அது இப்படி இருந்தது:

"எல்லோருக்கும் வணக்கம்.

இத்தனை வருடம் என் டைரியில் இருந்த பாஸ்வேர்டுகள் இந்த வாரம் கம்பெனியின் புதிய செயலியான பாஸ்வேர்டு மேனேஜருக்குக் குடிபோகின்றன. ஒரு நாளைக்கு ஒரு வேலை. அதற்கு மேல் செய்ய வேண்டாம், குறைத்தும் செய்ய வேண்டாம்.

திங்கள்: உங்களுக்கு வரும் அழைப்பைத் திறந்து கணக்கைத் தொடங்குங்கள். ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு வையுங்கள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்கள் போதும். பிள்ளைகள் பெயர் வேண்டாம், வண்டி நம்பர் வேண்டாம், வேறெங்கும் பயன்படுத்தியதும் வேண்டாம். அதை யாரிடமும் சொல்லாதீர்கள். என்னிடமும். செயலி தரும் மீட்புத் தாளை அச்செடுத்து, அதில் மாஸ்டர் பாஸ்வேர்டைக் கையால் எழுதி, உங்கள் வீட்டில் பத்திரமான இடத்தில் வையுங்கள். ஆபீஸ் டிராயர் பத்திரமான இடம் அல்ல. அதன் சாவி எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

செவ்வாய்: கம்ப்யூட்டரிலும் போனிலும் அதை நிறுவுங்கள்.

புதன்: உங்கள் பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளை உள்ளே கொண்டுவாருங்கள். அதற்காக இறக்கிய கோப்பை உடனே அழியுங்கள், அதை யார் திறந்தாலும் எல்லாவற்றையும் படித்துவிடலாம். பிரவுசரில் சேமிப்பதையும் நிறுத்துங்கள்.

வியாழன்: பொதுக் கணக்குகளை யார் யாருக்கு எது வேண்டுமோ அதன்படி பகிர்ந்து தருவேன். அதுவரை வேண்டியதை என்னிடம் கேளுங்கள்.

வெள்ளி: இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே பாஸ்வேர்டு பல இடத்தில் இருந்தால் மாற்றுங்கள். துண்டுச் சீட்டுகளைக் கிழித்துப் போடுங்கள். மானிட்டரில் ஒட்டியதும் துண்டுச் சீட்டுதான்."

இதில் இல்லாத வரி ஒன்று உண்டு. வியாழனுக்கு மேலே, "எனக்கு அடுத்து இந்தக் கணக்கைத் திறக்கக் கூடியவர்" என்று அம்மா ஆரம்பித்து, புள்ளி புள்ளியாக விட்டிருந்தாள்.

"நான் லீவு போட்டா யாருடா திறப்பா?"

"உன்னை மாதிரியே முழு அதிகாரத்தோட ரெண்டாவது ஓனர் ஒருத்தரைப் போடணும்மா. அதை அடுத்த வாரம் பார்த்துக்கலாம். இப்பவே மெயில் நீளம்."

அந்த வரியை அவன் அழித்தான். அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள், பிறகு பீன்ஸுக்குத் திரும்பினாள்.

"அதுவரைக்கும் நீயாவது வச்சுக்கோ. என் பாஸ்வேர்டு என்னன்னா..."

"சொல்லாதே."

"காதுல சொல்றேன்டா."

"அம்மா. யாருகிட்டயும்னா யாருகிட்டயும்தான். மெயில்ல நீயே எழுதிட்டு நீயே மீறினா எப்படி?"

"பெத்தவ ரகசியம் சொல்ல வந்தா காதைப் பொத்திக்கற புள்ள உலகத்துலயே நீ ஒருத்தன்தான்" என்று சொல்லி, உரித்த நாரை அவன் விசைப்பலகைமேல் போட்டாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மெயில் போனது. வியாழக்கிழமை காலை ஏழே காலுக்கு அம்மா செருப்பு மாட்டக் குனிந்தாள். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். ஐந்து நிமிடம் என்றார்கள். அப்பா அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்திருக்கிறார். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூட யாருக்கும் தெரியவில்லை.

*

அடுத்த புதன்கிழமை முதலாளி போன் செய்தார். துக்கம் விசாரிக்கும் குரலில் ஆரம்பித்து, சுற்றி வளைத்து, விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. அக்கா எல்லாத்தையும் உள்ளே வச்சுப் பூட்டிட்டாங்க. சாவி எங்ககிட்ட இல்லை."

அவன் ஒவ்வொன்றாக விவரம் கேட்டான். ஆபீஸின் பொது மெயில், லிஃப்ட் சோதனைக்கு நாள் பதிவுசெய்யும் தளம், உதிரிபாகம் வரவழைக்கும் நான்கு தளங்கள், கொரியர், எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் அம்மா செவ்வாயும் புதனுமாக மாற்றியிருந்தாள். பாஸ்வேர்டு மேனேஜரே உருவாக்கித் தந்த இருபது எழுத்துப் பாஸ்வேர்டுகள், மனிதன் மனப்பாடம் செய்ய முடியாதவை. வியாழக்கிழமை பகிர்ந்து தருவதாக இருந்தாள். பகிரும்வரை அவை அவள் கணக்கில் மட்டும்தான். பொது மெயிலைத் திறந்தால் மற்றதையெல்லாம் திரும்ப வாங்கலாம், அந்தப் பொது மெயிலும் உள்ளே. அவள் ஒருத்திதான் ஓனர். இது போதாதென்று நான்கு மெக்கானிக்குகள் தங்கள் மாஸ்டர் பாஸ்வேர்டை ஒரே வாரத்தில் மறந்திருந்தார்கள். அவர்களை மீட்டுவிடவும் ஓனர் வேண்டும்.

"அந்தப் பாஸ்வேர்டு மேனேஜர் கம்பெனிக்காரங்களைக் கேட்டோம். எங்ககிட்டயே இல்லை, நாங்க நினைச்சாலும் திறக்க முடியாதுங்கறான். அப்படியும் ஒரு பூட்டு உண்டா தம்பி?"

"உண்டு சார். அப்படித்தான் இருக்கணும்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பன்னெண்டு லிஃப்டுக்கு நாள் பதிவு பண்ணலைன்னா லைசென்ஸ் தேதி தாண்டிடும். ஒவ்வொரு இடமா எழுதிப்போட்டு நிரூபிச்சு வாங்கணும்னா மூணு வாரமாவது ஆகும்."

பின்னாலிருந்து யாரோ சொல்வது போனில் கேட்டது. "அந்தம்மா யோசிக்காம செஞ்சிட்டாங்க சார், வேற என்ன."

அவன் நாளைக்குள் பார்க்கிறேன் என்று போனை வைத்தான். இருபத்து மூன்று வருடத்தில் அம்மாவைப் பற்றி அந்த ஆபீஸில் யாரும் அப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை. அவள் யோசித்திருந்தாள். வரியாகவே எழுதியிருந்தாள். அழித்தவன் அவன்.

*

அந்த ஆபீஸை அவனுக்கு ஐந்தாம் வகுப்பிலிருந்து தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான். அம்மாவின் மேசைக்கு அடியில் கால் நீட்டி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். மேசையின் அடிப்பலகையில் அவன் பேனாவால் வரைந்த லிஃப்ட் ஒன்று இருந்தது, நாலு மாடி, உள்ளே ஒரு பூனை. அங்கிருந்து பார்த்தால் வருகிறவர்களின் செருப்புதான் தெரியும். கிரீஸ் படிந்த பூட்ஸ் என்றால் மெக்கானிக். பளபள ஷூ என்றால் கட்டடக்காரர், சண்டைக்கு வந்திருக்கிறார்.

முதலில் அந்த டைரியில் போன் நம்பர்கள்தான் இருந்தன. பிறகு ஒரு கம்ப்யூட்டர் வந்தது, அதற்கு ஒரு பாஸ்வேர்டு. பிறகு எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டு. வருடம் பிறந்தால் புது டைரியில் உட்கார்ந்து அத்தனையையும் திரும்ப எழுதுவாள். அப்படியே எழுத மாட்டாள். யாராவது எட்டிப் பார்த்தால் ஒன்றும் விளங்கக் கூடாது. கொரியர் என்ற பெயருக்கு நேரே, "பழைய கட்டடத்துக் கதவு எண், அப்புறம் இவன் வருவதாகச் சொல்லும் நேரம், அப்புறம் உண்மையில் வரும் நேரம்" என்று இருக்கும்.

"அக்கா, கொரியர் பாஸ்வேர்டு?" என்று யாராவது கூடத்திலிருந்து கத்துவார்கள்.

"பத்து மணிக்கு வர்றேன்னு சொல்லிட்டு நாலு மணிக்கு வந்தான்" என்று இவள் இங்கிருந்து கத்துவாள். கேட்டவனுக்குப் புரிந்துவிடும். மேசைக்கு அடியிலிருந்த பையனுக்கும் புரியும். அவனுக்குத் தெரிந்த முதல் ரகசிய மொழி அது. பின்னாளில் கல்லூரியில் சங்கேதமாக்கம் பற்றி ஒரு பருவம் முழுக்கப் படித்தபோது, பாடம் எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது.

கோப்புகளுக்கும் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. எதைப் பற்றிய காகிதம் என்று பார்த்து அடுக்க மாட்டாள். யார் வந்து கேட்பார்களோ அவர்கள் பெயரில் அடுக்குவாள். தீயணைப்புச் சான்றிதழ் "மீசை இன்ஸ்பெக்டர்" கோப்பில் இருக்கும். ஜெராக்ஸ் மெஷினின் உத்தரவாத அட்டை "திட்டிக்கொண்டே வருபவர்" கோப்பில் இருக்கும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். ஆனால் மீசை இன்ஸ்பெக்டர் வாசலில் தலைகாட்டினால், அவர் நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்கப்போகும் ஐந்து காகிதமும் மேசைமேல் இருக்கும்.

"காகிதம் தனக்காகவா இருக்கு? கேக்கறவங்களுக்காகத்தானே இருக்கு" என்பாள்.

*

வியாழன் காலை அவன் அப்பாவின் வீட்டுக்குப் போனான். அம்மா இறந்து ஒரு வாரம். அப்பா பேப்பரை விரித்து வைத்திருந்தார், பக்கம் திருப்பவில்லை.

"அப்பா, அம்மா ஒரு தாள் வச்சிருப்பா. திங்கக்கிழமை ஆபீஸ்ல அச்செடுத்து எடுத்துட்டு வந்திருப்பா. எங்கே வச்சான்னு தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்? உங்கம்மாவைக் கேளு" என்றார். சொன்ன பிறகு அவருக்கே கேட்டது. எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்து, ஒன்றையும் கழுவாமல் நின்றார். அவன் உள்ளே போகவில்லை. சற்று நேரத்தில் குழாய் நின்றது.

பீரோவின் கீழ்த்தட்டில் கோப்புகள் வரிசையாக இருந்தன. அவன் தன் மூளைப்படி தேடினான். ஆபீஸ் சம்பந்தப்பட்டது, கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது, பேங்க். அப்படியெல்லாம் பெயரே இல்லை. "டாக்டர்", "கேஸ்காரர்", "மாடி வீட்டம்மா", "என் நாத்தனார், கோபமாக இருக்கும்போது." அப்பாவுக்கு ஒரு கோப்பு, மேலே வெறுமனே "அவர்." அதில் அப்பாவின் கண்ணாடிச் சீட்டும், அவர் தொலைத்துத் தொலைத்து வாங்கிய மூன்று அடையாள அட்டைகளின் நகல்களும் இருந்தன. தாள் இல்லை.

"சாமி படத்துக்குப் பின்னாடி பார்த்தியா?" என்று கேட்டார் அப்பா, வாசற்படியில் நின்று.

"பார்த்தேன்."

"மாவு டப்பா?"

"அம்மா மாவு டப்பாவுல தாள் வைக்கற ஆளாப்பா?"

"இல்லைதான்" என்று ஒத்துக்கொண்டார். "மாவு டப்பாவுல நான்தான் வைப்பேன்."

அவன் தரையில் உட்கார்ந்தான். யார் வந்து கேட்பார்கள்? அம்மாவே எடுத்துப் பார்ப்பதற்காக ஒரு தாளைக் கோப்பில் வைக்க மாட்டாள், அவளுக்குத்தான் தெரியுமே. முதலாளி இந்த வீட்டுக்கு வரமாட்டார். இந்தத் தாளைத் தேடிக்கொண்டு இந்தப் பீரோவின் முன்னால் வந்து உட்காரக் கூடியவன் ஒருவன்தான். சொல்லாதே என்று காதைப் பொத்தியவன்.

கடைசிக் கோப்பின் பெயர் "சின்னவன்." அவனுக்கு மூத்தது யாரும் கிடையாது. அப்பாவை அவள் பெரியவர் என்பாள், அதனால் இவன் சின்னவன். உள்ளே தடுப்பூசி அட்டை. எட்டாம் வகுப்பு ரேங்க் கார்டு, கணக்கில் தொண்ணூற்றாறு, நடத்தை "பேசிக்கொண்டே இருக்கிறான்." பக்கத்து வீட்டு ஜன்னல் உடைந்ததற்கு அவன் எழுதிய மன்னிப்புக் கடிதத்தின் நகல். அம்மா அதற்கும் நகல் எடுத்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வெள்ளை உறை, ஒட்டப்பட்டது. மேலே அவள் கையெழுத்தில்: "கேட்டால் மட்டும்."

உறைக்குள் மீட்புத் தாள். அச்சிட்ட நீளமான குறியீடு, புதுக் கம்ப்யூட்டரில் திறக்கும்போது கேட்பது. அதன் கீழே ஒரு கோடு. கோட்டின்மேல், மெயிலில் சொல்லியிருந்தபடியே, நீல மையில் மாஸ்டர் பாஸ்வேர்டு.

தன் பெயர் இருக்கும் என்று அவன் நினைத்திருந்தான். அல்லது பிறந்த நாள், அந்த மேசைக்கு அடியிலிருந்த பூனை, ஏதாவது. ஆங்கில எழுத்தில் குடை, ஆமை, ஸ்டேப்லர், எலுமிச்சை, ஏணி. ஐந்தும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை. யாருக்கும் சம்பந்தமில்லாதவை. சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தாள். அவன் அந்த ஐந்து சொல்லையும் திரும்பத் திரும்பப் படித்தான். ஸ்டேப்லருக்கு அவள் எழுதியிருந்த ஆங்கில எழுத்துகளில் ஒன்று கூடுதலாக இருந்தது. அதைத் திருத்தாமல் அப்படியேதான் தட்ட வேண்டும்.

*

வெள்ளிக்கிழமை ஆபீஸுக்குப் போனான். அம்மாவின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. முதலாளி அதை இழுத்து அவனுக்குப் போட்டார். மேசைமேல் எதையும் நகர்த்தியிருக்கவில்லை, தூசு மட்டும் துடைத்திருந்தது.

"திறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சார். மெயில்ல ரெண்டாவது ஓனரைப் போடணும்னு அம்மா எழுதியிருந்தா. நீளமா இருக்குன்னு நான்தான் அழிச்சேன்."

முதலாளி அவனை ஒரு கணம் பார்த்தார். கூடத்திலிருந்தவர்களும் கேட்கட்டும் என்றுதான் அவன் சத்தமாகச் சொல்லியிருந்தான்.

"எனக்குத் தெரியும் தம்பி, அக்கா ஒரு வேலையை அரைகுறையா விடமாட்டாங்கன்னு" என்றார் முதலாளி. தெரிந்திருக்கவில்லை, ஆனால் சொன்னார். அது போதுமாக இருந்தது.

பதினாலாம் மாடி என்று பெயர் வாங்கிய மூத்த மெக்கானிக் பின்னால் வந்து நின்றார். எப்போதோ பதினாலாம் மாடியில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் பாட்டுப் பாடியவர். பாஸ்வேர்டு மறந்த நால்வரில் அவரும் ஒருவர்.

"திங்கக்கிழமை நாங்க அத்தனை பேரும் வரிசையா வந்து எங்க பாஸ்வேர்டை அக்காகிட்ட சொல்ல வந்தோம்யா" என்றார். "பழக்கம்தான். நீங்களே வச்சுக்கோங்கக்கான்னு. ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு லாலலான்னு பாட ஆரம்பிச்சிட்டாங்க."

"இவரு விடலை" என்றாள் கணக்குப் பார்க்கும் பெண். "சீட்டுல எழுதி அக்கா கீபோர்டுக்கு அடியில சொருகிட்டாரு. அக்கா அதைப் படிக்காமலே கிழிச்சுக் கையில குடுத்தாங்க. வேற வைங்கன்னாங்க. வேற வச்சாரு. அதான் மறந்துட்டாரு."

"பழசுன்னா ஞாபகம் இருந்திருக்கும்."

"பழசு உங்க வண்டி நம்பர்தானே?"

"அது எப்படி உனக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்ணா."

"டைரி எங்கே?" என்று கேட்டான் மகன்.

 கணக்குப் பார்க்கும் பெண்தான் சொன்னாள். "புதன்கிழமை சாயங்காலம் தாள் அரைக்கற மெஷின்ல போட்டாங்கண்ணா. ஒவ்வொரு பக்கமா. வெள்ளிக்கிழமைதானேக்கா சீட்டு கிழிக்கணும்னு கேட்டேன். நான் முதல்ல கிழிச்சாத்தான் நீங்க கிழிப்பீங்கன்னாங்க. நாங்க சுத்தி நின்னு பார்த்தோம். அட்டையை மட்டும் மெஷின் எடுத்துக்கலை. அதைக் கையால கிழிச்சாங்க."

அவன் திறந்தான். குறியீடு, ஐந்து சொற்கள், கூடுதல் எழுத்தோடு. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கேட்கவில்லை, அது வெள்ளிக்கிழமை வேலை. திரை ஒரு நொடி சுழன்று, அம்மாவின் வரிசை வந்தது. முப்பத்தோரு கணக்குகள். ஒவ்வொன்றிலும் குறிப்புப் பகுதியில் அவளுடைய பழைய பாணி: "இந்தத் தளம் மதியம் தூங்கும், காலையில் போகவும்."

முதலாளியை ஓனராகச் சேர்த்தான். கணக்குப் பார்க்கும் பெண்ணை இரண்டாவதாகச் சேர்த்தான். முதலாளி தன் கணக்கில் நுழைந்து பார்த்துத் திறக்கிறது என்று சொல்லும்வரை காத்திருந்தான். பொதுக் கணக்குகளை யார் யாருக்கு என்று அம்மா முன்பே பட்டியல் போட்டு வைத்திருந்தாள், அதன்படி பகிர்ந்தான். நான்கு மெக்கானிக்குகளுக்கும் மீட்பு போனது. பதினாலாம் மாடி மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, உதடு அசையப் புதுச் சொற்களைப் பொறுக்கினார். பதினோரு மணிக்குச் சோதனைத் தளம் திறந்தது. பன்னிரண்டு லிஃப்டுக்கும் நாள் பதிவானது.

"இனிமே அக்கா கணக்கை நிறுத்தணும்ல தம்பி?" என்று கேட்டார் முதலாளி. "பத்திரமா இருக்கணும்னா நிறுத்தித்தானே ஆகணும்?"

"ஆமா சார். நீங்கதான் இப்போ ஓனர். நீங்க நிறுத்தலாம்."

முதலாளி மவுஸைத் தொட்டுக் கையை எடுத்தார். கணக்குப் பார்க்கும் பெண்ணைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று.

"நீங்களே பண்ணிடுங்க தம்பி."

நிறுத்துவதற்கு முன், உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்தான். கணக்குகளுக்குக் கீழே குறிப்பு ஒன்று இருந்தது. "முதல் வாரம், என் வேலை." புதன்வரை எல்லாவற்றுக்கும் எதிரே "ஆச்சு" என்று போட்டிருந்தாள். வியாழனின் வேலைகளை அவன் இப்போதுதான் முடித்திருந்தான். வெள்ளியில் ஒரே ஒரு வரி.

"காலை ஆறரை. சாவி அக்கா. மெயில் ஐடி. மெதுவாக."

"சாவி அக்கா யாரு?"

"காலையில வந்து ஆபீஸ் திறந்து பெருக்கறவங்கண்ணா" என்றாள் கணக்குப் பார்க்கும் பெண். "ஆறு மணிக்கு வந்து எட்டரைக்குப் போயிடுவாங்க. நாங்க பார்க்கறதே கம்மி. கதவைத் திறந்ததும் அலாரத்தை நிறுத்தற நம்பர் அவங்களுக்கு மனசுல நிக்காது. துடைப்பம் வைக்கற அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் சீட்டுல ஒட்டியிருக்கும். அவங்களுக்கு மெயில் கிடையாது, அதான் அழைப்பு போகலை. அக்கா வெள்ளிக்கிழமை சீக்கிரம் வந்து போன்ல போட்டுத் தர்றேன்னு சொல்லியிருப்பாங்க போல."

"அம்மா போன மறுநாள், அந்த வெள்ளிக்கிழமை, ஆபீஸ் லீவுதானே?"

"லீவுதான். மெயில்லயும் குரூப்லயும் எல்லாருக்கும் சொல்லிட்டோம்." சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள். "அவங்க ரெண்டுலயும் இல்லைண்ணா."

அவளிடம் யாரும் சொல்லவில்லை. சாவி அக்கா வழக்கம்போல ஆறு மணிக்கு வந்து திறந்திருக்கிறாள். பெருக்கித் துடைத்திருக்கிறாள். பக்கத்துக் கட்டடத்துக் காவலாளி பத்து மணிக்கு வந்து விஷயத்தைச் சொல்லும்வரை, கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மேசைக்கு எதிரிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். திங்கட்கிழமை வந்தபோதுதான் முதலாளியிடம் அதைச் சொன்னாளாம். முதலாளி இப்போதுதான் அதன் அர்த்தம் புரிந்ததுபோல் தரையைப் பார்த்தார்.

மகன் எழுந்து துடைப்ப அலமாரிக்குப் போனான். கதவின் உள்பக்கம் சீட்டு இருந்தது. நான்கு எண்கள், அம்மாவின் கையெழுத்து, மேலே நிறம் மங்கிய டேப். கிழிக்கக் கையை வைத்தான். கிழித்தால் நாளை காலை அவளால் அலாரத்தை நிறுத்த முடியாது.

"நாளைக்கும் ஆறு மணிக்குத்தானே வருவாங்க?"

"ஆறுக்கெல்லாம் வந்துடுவாங்கண்ணா."

சீட்டை விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான். திரும்பி வந்து அம்மாவின் கணக்கை நிறுத்தினான். அந்த வெள்ளிக்கிழமை வரியை மட்டும் ஒரு காகிதத்தில், நேரத்தோடு, எழுதி எடுத்துக்கொண்டான்.